சூடு பாதியில் தொடங்கும் தகடு: h-க்கு எந்தச் சூத்திரத்தை எடுப்பது?

காற்று ஓடும் ஒரு தட்டைத் தகட்டை எடுத்துக்கொள்வோம். நீளம் 150 மில்லிமீட்டர், அகலம் 100. முன்விளிம்பிலிருந்து முதல் 100 மி.மீ. வரை வெறும் தகடு. மீதி 50 மி.மீ. மேல் மட்டும் மெல்லிய ஃபாயில் ஹீட்டர் ஒட்டியிருக்கிறது. அதில் 4 வாட் போகிறது. பின்பக்கம் நன்றாகக் காப்பிடப்பட்டது. காற்று 30 டிகிரி செல்சியஸில், நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வருகிறது. ஹீட்டரை ஒட்டியிருக்கும் பசை 65 டிகிரிக்கு மேல் தாங்காது என்று வைத்துக்கொள்வோம். பின்விளிம்பு எவ்வளவு சூடாகும்? பசை பிழைக்குமா?

பின்விளிம்பில் இருக்கும் வெப்பப் பரிமாற்றக் குணகம் (h) தெரிந்தால் விடை ஒரு வகுத்தலில் வந்துவிடும். 4 வாட்டை 0.005 சதுர மீட்டரால் வகுத்தால் வெப்பப் பாயம் 800 W/m². அதை h-ஆல் வகுத்தால் காற்றைவிடத் தகடு எத்தனை டிகிரி கூடுதல் என்பது தெரியும். சிக்கல் h-இல்தான். இந்தத் தகட்டுக்குப் பொருந்துவது போலத் தோன்றும் நான்கு வழிகள் இருக்கின்றன. அவை தரும் பின்விளிம்பு வெப்பநிலைகள் 60-லிருந்து 82 டிகிரி வரை பரவிக் கிடக்கின்றன. பசை பிழைப்பதும் உரிவதும் எந்த வழியை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

காற்றின் பண்புகளை 47 டிகிரி அளவில் எடுத்துக்கொள்கிறேன். சுவருக்கும் காற்றுக்கும் நடுவான வெப்பநிலை ஏறத்தாழ அதுதான்.

```
ν = 1.79e-5 m²/s,  k = 0.0278 W/m·K,  Pr = 0.70
Re (x = 0.15 m) = 5 × 0.15 / 1.79e-5 ≈ 42,000
```

ரெனால்ட்ஸ் எண் 5 லட்சத்துக்கு வெகு கீழே இருப்பதால் ஓட்டம் முழுக்க லேமினார் என்று எடுத்துக்கொள்ளலாம். (விளிம்பு கூர்மையாக இருந்தால். அதைப் பற்றிப் பின்னால்.)

முதல் வழி: வெறும் தகடு இருப்பதையே மறந்துவிடுவது

கல்லூரியில் முதலில் படிக்கும் சூத்திரத்தை அப்படியே போடுவது. பிளாசியஸ் 1908-இல் கண்ட வேகப் பரவலின் மேல் போல்ஹவுசன் 1921-இல் கட்டியது அது:

```
Nu_x = 0.332 Re_x^(1/2) Pr^(1/3)    (சுவர் வெப்பநிலை சீர்)
Nu_x = 0.453 Re_x^(1/2) Pr^(1/3)    (வெப்பப் பாயம் சீர்)
```

இங்கே Nu_x என்பது hx/k. நம்முடையது ஃபாயில் ஹீட்டர் என்பதால் 0.453-ஐ எடுத்தால், பின்விளிம்பில் h = 15.3 W/m²K. சுவர் 52 டிகிரி கூடுதல், ஆக 82. பசை போச்சு.

இந்தச் சூத்திரம் சூடு முன்விளிம்பிலேயே தொடங்குகிறது என்று நம்புகிறது. 100 மி.மீ. தூரம் சூடாகிவந்த காற்றுதான் நம் ஹீட்டருக்கு மேல் வருகிறது என்பது அதன் கணக்கு. உண்மையில் வருவது முழுக்கக் குளிர்ந்த காற்று. அதனால் h-ஐக் குறைத்துச் சொல்கிறது. பாதுகாப்பான பக்கம்தானே என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இதை நம்பினால் தேவையில்லாத பெரிய ஃபேன் வாங்குவோம்.

இரண்டாம் வழி: சூடு தொடங்கும் இடத்தை முன்விளிம்பு என்று வைத்துக்கொள்வது

இது ஆபத்தான வழி, ஏனென்றால் கேட்க நியாயமாக இருக்கும். காற்று குளிர்ந்துதானே வருகிறது, அப்புறம் என்ன, x-ஐ ஹீட்டரின் தொடக்கத்திலிருந்து அளந்துவிடலாம் என்று தோன்றும். x = 0.05 மீட்டர் என்று போட்டால் h = 26.4, சுவர் 60 டிகிரி. பசை பிழைத்தது.

வெப்பத்தைப் பொறுத்தவரை ஹீட்டரின் தொடக்கம் புதிய தொடக்கம்தான். வேகத்தைப் பொறுத்தவரை இல்லை. காற்று 100 மி.மீ. தூரம் தகட்டோடு உரசி வந்ததில் வேக எல்லைப் படலம் அந்த இடத்தில் ஏற்கெனவே 3 மி.மீ. தடிமனுக்கு வளர்ந்திருக்கிறது. ஹீட்டர் தொடங்கும் இடத்தில் சுவரை ஒட்டிய காற்று மெதுவாகத்தான் நகர்கிறது. உண்மையான முன்விளிம்பில் அப்படி இல்லை. அங்கே முழு வேகக் காற்று சுவரில் வந்து மோதுகிறது. அந்த 26.4, ஹீட்டரைத் தகட்டின் முன்பக்கத்துக்கே நகர்த்தி ஒட்டினால் கிடைக்கும் h. அந்த வகையில் அதுவும் பயனுள்ள தகவல்தான், ஆனால் நம் தகட்டுக்கான விடை இல்லை.

ஆக உண்மை இந்த இரண்டுக்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது. முதல் வழி h-க்குக் கீழ்வரம்பு, இரண்டாம் வழி மேல்வரம்பு. அவசரத்தில் இந்த இரண்டை மட்டும் போட்டுப் பார்த்து, இரண்டு விடையும் 65-க்கு ஒரே பக்கத்தில் விழுந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். இங்கே விழவில்லை.

மூன்றாம் வழி: தொடக்க நீளத் திருத்தம்

சூடாக்கப்படாத தொடக்க நீளத்தை ξ என்று எழுதுவது வழக்கம். வேகப் படலத்தின் உள்ளே வெப்பப் படலம் தனியாக ξ-இல் பிறந்து வளர்கிறது என்று வைத்து, தொகையீட்டு முறையில் தீர்த்தால் கிடைப்பது இது. சீரான சுவர் வெப்பநிலைக்கு:

```
Nu_x = 0.332 Re_x^(1/2) Pr^(1/3) / [1 − (ξ/x)^(3/4)]^(1/3)
```

x இங்கே முன்விளிம்பிலிருந்தே அளக்கப்படுகிறது. சூடு பிறந்த இடத்தின் நினைவு கீழே வகுக்கும் பகுதியில் இருக்கும் அடைப்புக்குள் மட்டும் இருக்கிறது. x பெரிதாகப் பெரிதாக அது 1-ஐ நெருங்கி, முதல் வழியோடு கலந்துவிடும். ஆனால் மெதுவாக: வித்தியாசம் 5 சதவீதத்துக்குக் கீழே போக x, ξ-ஐப் போல 14 மடங்கு ஆக வேண்டும். நம் தகட்டில் அது வெறும் ஒன்றரை மடங்கு.

சுவர் வெப்பநிலை சீராக இருந்தால் h எப்படி இறங்குகிறது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம் (W/m²K):

| x (மி.மீ.) | முதல் வழி | தொடக்க நீளத் திருத்தம் | இரண்டாம் வழி |
|---|---|---|---|
| 105 | 13.4 | 40.5 | 61.2 |
| 110 | 13.1 | 31.8 | 43.3 |
| 125 | 12.2 | 22.8 | 27.4 |
| 150 | 11.2 | 17.5 | 19.4 |

ஹீட்டர் தொடங்கி 10 மி.மீ. தள்ளி வெப்பப் படலத்தின் தடிமன் 1.4 மி.மீ.தான், வேகப் படலமோ 3.1. பின்விளிம்பில் 2.6-க்கு 3.7. வெப்பம் இன்னும் வேகப் படலத்தின் அடிப்பகுதியிலேயே, மெதுவான காற்றுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அதனால்தான் இரண்டாம் வழி கணக்குப் போடும் முழு வேகக் காற்றை அது பார்ப்பதே இல்லை. தொடக்கத்துக்கு அருகே திருத்தச் சூத்திரத்தின் h, (x − ξ)-இன் மூன்றில் ஒரு பங்கு அடுக்கில் இறங்குகிறது. இரண்டாம் வழியின் h அரை அடுக்கில் இறங்குகிறது. சுவர் அருகே வேகம் நேர்கோடாக ஏறும் ஓட்டத்துக்கு இந்த மூன்றில் ஒரு பங்கை லெவெக் 1928-லேயே காட்டிவிட்டார்.

x = ξ-இல் சூத்திரம் முடிவிலிக்குப் போகும். பயப்பட வேண்டாம், அதைத் தொகையிட்டால் சராசரி முடிவுள்ளதாகவே வரும். நம் 50 மி.மீ. துண்டுக்குச் சராசரி h 27.5.

இதுவரை சரி. ஆனால் நம்முடையது ஃபாயில் ஹீட்டர். சீரானது வெப்பப் பாயம், வெப்பநிலை இல்லை. அதற்குப் பலர் செய்வது 0.332-ஐ எடுத்துவிட்டு 0.453-ஐப் போட்டு, அதே பகுதியை வைத்துக்கொள்வது. சில பாடநூல் அட்டவணைகளிலும் இப்படித்தான் இருக்கும். அப்படிப் போட்டால் பின்விளிம்பில் h = 23.8, சுவர் 64 டிகிரி. பசை மயிரிழையில் தப்பிக்கிறது.

நான்காம் வழி: கூட்டித் தொகையிடுவது

அந்த மயிரிழையை நான் நம்ப மாட்டேன். 0.453 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் காரணம் புரியும்.

சீரான பாயத்தில் சுவர், காற்று வரும் மேலோட்டப் பக்கம் குறைந்த சூட்டிலும் காற்று போகும் கீழோட்டப் பக்கம் அதிகச் சூட்டிலும் இருக்கும். ஓர் இடத்துக்கு வந்து சேரும் காற்று, சுவர் முழுக்க ஒரே சூட்டில் இருந்தால் எவ்வளவு சூடாகியிருக்குமோ அதைவிடக் குறைவாகவே சூடாகியிருக்கும். அதனால் h கூடுகிறது. சூடு முன்விளிம்பிலேயே தொடங்கினால் அந்தக் கூடுதல் 36 சதவீதம், 0.332 அப்படித்தான் 0.453 ஆகிறது. ஆனால் இந்த 36, சுவர் உராய்வு முன்விளிம்பிலிருந்து வேகமாக இறங்கிக்கொண்டே போவதையும் சேர்த்து வந்தது. சூடு நடுவில் தொடங்கினால் அந்தச் சின்னத் துண்டில் உராய்வு ஏறத்தாழ மாறாமல் இருக்கிறது. அங்கே கூடுதல் 21 சதவீதம் மட்டுமே. 0.453-ஐ அப்படியே கொண்டுவந்தால், ஹீட்டரின் தொடக்கத்தில் h 13 சதவீதம் மிகையாக வரும்.

சரியான வழி, ஆற்றல் சமன்பாடு நேரியல் என்பதைப் பயன்படுத்திக்கொள்வது. சுவரை மெல்லிய கீற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கீற்றின் வெப்பமும் x-இல் எவ்வளவு சூட்டைச் சேர்க்கிறது என்று கூட்ட வேண்டும்:

```
T_w − T_∞ = (0.623/k) Pr^(-1/3) Re_x^(-1/2) ∫ [1 − (s/x)^(3/4)]^(-2/3) q''(s) ds
```

s என்பது கீற்றின் இடம், q'' அங்கே போகும் வெப்பப் பாயம். தொகையீட்டின் எல்லை 0 முதல் x வரை. நம் ஹீட்டரில் ξ வரை q'' பூச்சியம், அதற்கப்புறம் மாறிலி. இதைக் கணினியில் போடலாம். சீரான பாயத்துக்குக் கையாலேயே தொடராக விரித்து முதல் இரண்டு உறுப்புகளை வைத்துக்கொண்டாலும் போதும்:

```
w = 1 − (ξ/x)^(3/4)
Nu_x ≈ 0.401 Re_x^(1/2) Pr^(1/3) / [ w^(1/3) (1 − w/12) ]
```

w சின்னதாக இருக்கும்வரை இது மிகத் துல்லியம். ξ = 0 ஆனாலும், அதாவது w = 1 ஆனாலும், 0.453-க்கு 3, 4 சதவீதம் கீழே நிற்கிறது, அவ்வளவுதான் பிசகு. பின்விளிம்பில் w = 0.262. h = 21.6. சுவர் 37 டிகிரி கூடுதல், ஆக 67. பசை தாங்காது.

64-க்கும் 67-க்கும் இடையே மூன்று டிகிரிதானே என்று கேட்கலாம். இந்த மாதிரிக் கணக்கில் உள்ளீடுகளின் பிசகே அவ்வளவு இருக்கும்தான். ஆனால் 64 என்று வந்தால் வடிவமைப்பை ஏற்றுக்கொண்டு போய்விடுவோம், 67 என்று வந்தால் நின்று யோசிப்போம். அதே உழைப்பில் சரியான குணகத்தைப் போட முடியும்போது தவறானதைப் போடுவதற்குக் காரணம் இல்லை. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: சீரான வெப்பநிலைக்கான 17.5-ஐ எடுத்து 800-ஐ வகுத்தால் 76 டிகிரி வரும். அது சுவர் எப்படிப்பட்டது என்பதையே கவனிக்காத விடை.

உங்கள் சுவர் எந்த வகை?

இதை முடிவு செய்யாமல் மூன்றாம் வழியா நான்காம் வழியா என்று பேசிப் பயனில்லை. தகட்டின் உள்ளே நீளவாக்கில் வெப்பம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதைக் காற்று பிடுங்கிக்கொண்டு போவதோடு ஒப்பிட வேண்டும். ஒரு சின்ன எண் போதும்: ஹீட்டர் நீளத்தின் வர்க்கத்தை h-ஆல் பெருக்கி, தகட்டின் கடத்துதிறனும் தடிமனும் சேர்ந்த பெருக்கலால் வகுக்க வேண்டும்.

ஹீட்டருக்கு மேல் 3 மி.மீ. அலுமினியம் இருந்தால் இந்த எண் 0.1 அளவில் வரும். வெப்பம் உள்ளுக்குள் ஓடிச் சமனாகிவிடும். சுவர் சீரான வெப்பநிலை, மூன்றாம் வழி. 25 மைக்ரான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃபாயில் பிளாஸ்டிக் காப்பின் மேல் இருந்தால் 150-ஐத் தாண்டும். சீரான பாயம், நான்காம் வழி. நடுவில் மாட்டிக்கொள்வது சர்க்யூட் போர்டு. 35 மைக்ரான் செம்புப் படலம் ஒன்று முழுப் பரப்பிலும் ஓடினால் எண் 4, 5 என்று வரும். அது இரண்டு வகையிலும் சேராது. அப்போது மேலே கொடுத்த தொகையீட்டையும் தகட்டின் கடத்தலையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும். q'' இனி நமக்குத் தெரிந்ததல்ல, விடையின் ஒரு பகுதி.

நம் தகட்டில் ஃபாயிலுக்குப் பதில் 50 மி.மீ. நீள அலுமினியத் துண்டைப் போட்டால், சராசரி h 27.5-ஐ வைத்து 4 வாட்டுக்கு 29 டிகிரி கூடுதல் வருகிறது. ஆக 59. பசை தாங்கிவிடும். ஃபேனை மாற்றாமல், வாட்டைக் குறைக்காமல் கிடைத்த எட்டு டிகிரி இது. பின்விளிம்பின் சூட்டை அலுமினியம் ஹீட்டரின் முன்முனைக்குக் கடத்திவிடுகிறது; அங்கேதான் h அதிகம்.

அலுமினியத்தை முன்விளிம்பு வரை நீட்டினால் என்ன என்று அடுத்து தோன்றும். அப்போது ξ என்று ஒன்றே இல்லை; முழுத் தகடும் சூடாகும். சராசரி h 27.5-லிருந்து 22.4-க்கு இறங்கும், ஆனால் பரப்பு மூன்று மடங்கு. கூடுதல் சூடு வெறும் 12 டிகிரி. h கூடினால் நல்லது என்று பிடிவாதமாக நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை பார்க்க வேண்டும். சூடாக்கப்படாத நீளம் h-ஐ உயர்த்துகிறது; மொத்தமாக வெளியேறும் வெப்பத்தை உயர்த்துவதில்லை.

இதே காரணம் சோதனைக் கூடங்களில் வேறு உருவில் வந்து படுத்தும். முன்பகுதி சூடாக்கப்படவில்லை என்று எழுதியிருப்பார்கள். தகடோ முழு உலோகம். ஹீட்டரின் சூடு மேலோட்டப் பக்கமாகக் கசிந்து முன்பகுதியையும் சூடாக்கியிருக்கும். அளந்த h, திருத்தச் சூத்திரத்துக்குக் கீழே, முதல் வழியை நோக்கிச் சாயும். முன்பகுதியில் ஒரு தெர்மோகப்பிளை ஒட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்: அது காற்றின் வெப்பநிலையைக் காட்ட வேண்டும்.

டர்புலன்ட் ஆக இருந்தால்

இங்கே விஷயம் எளிதாகிவிடுகிறது. திருத்தம் இப்படி மாறும்:

```
Nu_x = 0.0296 Re_x^(4/5) Pr^(1/3) / [1 − (ξ/x)^(9/10)]^(1/9)
```

அடுக்கு ஒன்பதில் ஒன்று என்பதால் பகுதி 1-ஐ விட்டு அதிகம் விலகாது. நம் தகட்டின் விகிதத்திலேயே, பின்விளிம்பில் லேமினார் திருத்தம் h-ஐ 56 சதவீதம் உயர்த்துகிறது என்றால் டர்புலன்ட் திருத்தம் 14 சதவீதம்தான். x, ξ-இன் மூன்று மடங்கைத் தாண்டியதுமே வித்தியாசம் 5 சதவீதத்தைத் தொடுகிறது. கலங்கிய காற்று சூட்டை வேகமாக மேலே கலந்துவிடுவதால் சூடு எங்கே தொடங்கியது என்பதைச் சீக்கிரம் மறந்துவிடுகிறது. பெரிய தகடு, வேகமான காற்று, ஹீட்டரின் தொடக்கத்திலிருந்து தள்ளி இருக்கும் இடம் என்றால் முதல் வழியே போதும். சீரான பாயத்தின் கூடுதலும் டர்புலன்ட் ஓட்டத்தில் 4 சதவீதம் அளவுதான், அதனால் மூன்றாம் வழிக்கும் நான்காம் வழிக்கும் நடுவே சண்டையும் இல்லை.

தொல்லை என்னவென்றால், ரெனால்ட்ஸ் எண் 42,000 என்பதற்காக நம் தகடு லேமினார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. முன்விளிம்பு கூர்மையாக இல்லாமல் சதுரமாக வெட்டப்பட்டிருந்தால் காற்று அங்கேயே பிரிந்து, சுருண்டு, கலங்கிய நிலையில் மீண்டும் தகட்டில் வந்து ஒட்டும். ஃபேனை நேரே முன்னால் வைத்திருந்தாலும் காற்று கலங்கித்தான் வரும். அப்படிப்பட்ட தகட்டுக்கு மேலே சொன்ன நான்கு வழிகளும் பொருந்தாது. அங்கே அளந்து பார்க்கலாம், அல்லது முன்விளிம்பின் உண்மையான வடிவத்தோடு சிஎஃப்டி போடலாம். கூர்மையான தட்டைத் தகடாக வரைந்து சிஎஃப்டி ஓட்டினால் நான்காம் வழியின் விடையைத்தான் பல மணி நேரம் கழித்துத் தரும்.

அளக்கும்போது சுவர் வெப்பநிலையை ஹீட்டரின் தொடக்கத்திலிருந்து பல இடங்களில் எடுத்து, கூடுதல் சூட்டையும் (x − ξ)-ஐயும் லாக்-லாக் தாளில் வரைந்தால் தொடக்கப் பகுதியில் சாய்வு மூன்றில் ஒன்று வர வேண்டும். அரை வந்தால் வேகப் படலம் நாம் நினைத்தபடி வளர்ந்திருக்கவில்லை. அதைவிடத் தட்டையாக வந்தால் ஃபாயிலுக்கு அடியில் வெப்பம் நீளவாக்கில் ஓடுகிறது, இல்லையென்றால் ஓட்டம் டர்புலன்ட்.

சாய்வு சரியாக வந்தும் h மட்டும் கூடுதலாக வந்தால் கதிர்வீச்சைக் கழித்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். இன்ஃப்ராரெட் கேமராவுக்காகச் சுவரில் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால், அந்தச் சூட்டில் கதிர்வீச்சு மட்டுமே ஏறத்தாழ 6.7 W/m²K கொண்டுபோகும். பின்விளிம்பில் 21.6-க்குப் பதில் 28 என்று அளவு வரும். அதைப் பார்த்து இரண்டாம் வழியே சரி என்று முடிவு கட்டிவிடுவது மிக எளிது. பளபளப்பான ஃபாயிலில் இந்தக் கழிவு 1-க்கும் கீழே. பெயின்ட் அடிக்காத ஃபாயிலில் பின்விளிம்பு 65 டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும், பசைக்கு எந்த இடைவெளியும் இருக்காது. என் தேர்வு: ஃபாயிலுக்கு மேல் 3 மி.மீ. அலுமினியம், கணக்குக்கு மூன்றாம் வழி.